கேட் பூட்டிய கம்பெனியின் லிக்விடேட்டரைக் கண்டுபிடிப்பதும் அவரிடம் கேட்க வேண்டியதும்

கேள்வி: கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டிருந்தேன். மாதம் 40,000 ரூபாய். போன வருஷம் மார்ச்சிலிருந்து இந்த ஜூன் வரை 16 மாத வாடகை, மொத்தம் 6,40,000 வரவில்லை. இப்போது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஜெனரேட்டரும் உள்ளே மாட்டிக்கொண்டது. "லிக்விடேட்டர் போட்டாச்சு அண்ணாச்சி, அவரைப் போய்ப் பாருங்க" என்கிறார் செக்யூரிட்டி. அவர் யார் என்று எங்கே பார்ப்பது? என் பணத்தை வாங்கித் தருவாரா?

பதில்:

கேட்டில் ஏதாவது நோட்டீஸ் ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் இருக்கும் பெயர்தான், கம்பெனிச் சொத்தை விற்றுக் கடன்காரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லிக்விடேட்டர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். மூடிய ஆலைகளின் கேட்டில் வங்கி நோட்டீஸும் தொங்கும். கீழே "அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி" என்று கையெழுத்து இருந்தால், அவர் சர்ஃபேசி சட்டப்படி கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்ற வந்த வங்கி ஆள். அவரிடம் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்தாலும் அது பாக்கியைக் கேட்டு லிக்விடேட்டரிடம் கொடுக்க வேண்டிய கிளெய்ம் ஆகாது. அந்தக் குழப்பத்திலேயே கடைசித் தேதி ஓடிவிடும்.

உங்கள் வாடகை ஒப்பந்தம் எந்தக் கம்பெனியோடு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஒரே முதலாளி ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று கம்பெனி வைத்திருப்பார். பெயரில் ஒரு சொல்தான் மாறும். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் சி.ஐ.என். என்று 21 எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் இருக்கும். அதை mca.gov.in தளத்தில் கம்பெனி மாஸ்டர் டேட்டா பகுதியில் போட்டால் நிலை தெரியும். Under Liquidation என்று வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். Under CIRP என்று வந்தால் கம்பெனியை மூடாமல் காப்பாற்ற முயலும் திவால் தீர்வு நடவடிக்கை இன்னும் நடக்கிறது, லிக்விடேட்டர் கட்டம் வரவில்லை என்று பொருள். Strike Off என்றால் பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கிவிட்டார்கள். அங்கே பெரும்பாலும் லிக்விடேட்டரே இருக்க மாட்டார், வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். இந்தத் தளத்தில் நிலை மாற நாளாவதும் உண்டு. அதனால் Active என்று காட்டினாலும் தேடலை நிறுத்த வேண்டாம்.

அதே பக்கத்தில் பதிவு அலுவலக முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு எந்த ஊர் தீர்ப்பாயத்தில் நடக்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். ஆலை இருக்கும் இடம் அல்ல. பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும், என்.சி.எல்.டி. என்னும் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுதான். உயர் நீதிமன்றத்துக்குக் கிளை இருப்பதால் இதுவும் மதுரையில்தான் இருக்கும் என்று நெல்லைக்காரர்கள் அங்கே போய் விசாரிப்பதுண்டு. மதுரையில் என்.சி.எல்.டி. அமர்வு கிடையாது.

பெயர் கிடைக்கும் இடம் ibbi.gov.in. திவால் வாரியத்தின் தளம் அது. Public Announcement பகுதியில் கம்பெனிப் பெயரைத் தேடுங்கள். முழுப் பெயரை அடிக்காமல் அதில் தனித்துத் தெரியும் ஒரு சொல்லை மட்டும் அடித்தால் எழுத்துக்கூட்டல் வித்தியாசத்தால் தவறிப்போகாது. ஒரே கம்பெனிக்கு இரண்டு அறிவிப்பு வரலாம். முதலாவது, திவால் தீர்வு தொடங்கியபோது போட்ட படிவம் ஏ. இரண்டாவது, லிக்விடேஷன் உத்தரவுக்குப் பிறகு போட்ட படிவம் பி. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. முதல் அறிவிப்பில் இருப்பவர் தீர்வுக் கட்டத்து ஆள். லிக்விடேட்டராக வேறொருவரைப் போட்டிருக்கலாம். 2023-இல் வாரியமே இரண்டு கட்டத்துக்கும் வேறு வேறு ஆட்களைப் போடும்படி பரிந்துரைத்த பிறகு இது சகஜம். பழைய ஆளின் மின்னஞ்சலுக்குக் கிளெய்ம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

படிவம் பி ஒரு பக்க அட்டவணை. கம்பெனிப் பெயர், சி.ஐ.என்., லிக்விடேஷன் தொடங்கிய தேதி, லிக்விடேட்டரின் பெயரும் பதிவு எண்ணும், அவருடைய முகவரி, கடிதத் தொடர்புக்கான மின்னஞ்சல், கிளெய்ம் கொடுக்கக் கடைசித் தேதி என்று வரிசையாக இருக்கும். வாரியத்தில் பதிவான முகவரியும் தொடர்பு முகவரியும் தனித்தனி வரியில் இருக்கும். தொடர்பு முகவரிக்கே அனுப்புங்கள். நியமனமாகி 5 நாளுக்குள் இதை ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் போட வேண்டும். பதிவு அலுவலகம் சென்னையில் இருந்தால் சென்னைப் பதிப்பில் மட்டும் வந்திருக்கலாம். நெல்லைப் பதிப்பில் காணோமே என்று இருந்துவிடக் கூடாது.

பதிவு எண் IBBI/IPA- என்று தொடங்கும். அதே தளத்தில் திவால் தொழில்முறையாளர் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, பெயர் பொருந்துகிறதா பாருங்கள். போனில் "நான் லிக்விடேட்டர் ஆபீஸ், கிளெய்ம் பதிய பீஸ் கட்டணும்" என்று யாராவது கேட்டால் கட்ட வேண்டாம். கிளெய்ம் கொடுக்க அவருக்குக் கட்டணம் கிடையாது. இன்னும் சந்தேகம் இருந்தால் nclt.gov.in தளத்தில் கம்பெனிப் பெயரில் வழக்கைத் தேடி லிக்விடேஷன் உத்தரவை எடுத்துப் படியுங்கள். நியமனம் அதிலேயே இருக்கும். இடையில் லிக்விடேட்டரை மாற்றியிருந்தாலும் பிந்தைய உத்தரவில் தெரியும்.

இனி அவர் வேலை என்ன என்பது. அவர் உங்கள் வக்கீலும் இல்லை, முதலாளியின் ஆளும் இல்லை. கம்பெனியின் சொத்தைக் கைவசம் எடுத்து, மதிப்புப் போட்டு, ஏலம் விட்டு, வந்த பணத்தைச் சட்டம் சொன்ன வரிசையில் பிரித்துக் கொடுப்பவர். டைரக்டர்களின் அதிகாரம் அவர் கைக்கு வந்துவிடும். அதனால் பழைய எம்.டி. "நான் பார்த்துத் தர்றேன்" என்று சொன்னால் அவரிடம் தருவதற்குக் கம்பெனிப் பணம் இல்லை. உத்தரவுக்குப் பிறகு கம்பெனி மேல் புதிதாக சிவில் வழக்குப் போடவும் சட்டம் விடாது. கிளெய்ம்தான் வழி.

பணம் வருமா என்பதற்கு அந்த வரிசையைப் பார்க்க வேண்டும். எல்லாம் விற்று 9 கோடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். தீர்வுக் கட்டத்துச் செலவும் லிக்விடேஷன் செலவும் முதலில் முழுதாகப் போகும். அது 1 கோடி என்றால் மீதி 8 கோடி. அடுத்த படியில் தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கியும், அடமானத்தை லிக்விடேட்டரிடமே விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் சமமாக நிற்கும். தொழிலாளருக்கு 1 கோடி, வங்கிக்கு 15 கோடி என்றால், 16 கோடிக்கு இருப்பது 8 கோடி. ரூபாய்க்கு ஐம்பது காசு. தொழிலாளருக்கு 50 லட்சம், வங்கிக்கு ஏழரைக் கோடி, கல்லா காலி. மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம், ஈடில்லாத நிதிக் கடன், அரசு வரி எல்லாம் அதற்குக் கீழே. சாதாரண சப்ளையரும் வாடகைக்கு விட்டவரும் அவற்றுக்கும் கீழே. பல கம்பெனிகளில் அந்தப் படிவரை பணம் இறங்குவதே இல்லை.

ஆனால் உங்கள் 6,40,000 முழுவதும் அந்தப் படியில் நிற்க வேண்டியதில்லை. படிவம் ஏ-யில் திவால் தீர்வு தொடங்கிய தேதி இருக்கும். அது போன வருஷம் செப்டம்பர் 1 என்று வைத்துக்கொண்டால், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதத்துக்கு 2,40,000 பழைய பாக்கி. அது மேலே சொன்ன கடைசி வரிசைக்குப் போகும். செப்டம்பர் முதல் ஜூன் வரை 10 மாதம் ஆலையை நடத்தியது தீர்வுக் கட்டத்து அதிகாரி. அவர் ஆலை ஓடுவதற்காக உங்கள் ஜெனரேட்டரைப் பயன்படுத்தியிருந்தால் அந்த 4,00,000 தீர்வுக் கட்டச் செலவு. அதாவது வங்கிக்கும் முன்னால் முதல் படி. இரண்டையும் ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தால் முழுவதையும் பழைய பாக்கியில் சேர்த்துவிடுவார்கள். பிரித்துத் தாருங்கள் என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பழைய பாக்கிக்குப் படிவம் சி. தீர்வுக் கட்டத்தில் இதே வகைக் கடன்காரருக்குப் படிவம் பி என்று இருந்தது. லிக்விடேஷனில் எழுத்து மாறும். தீர்வுக் கட்டத்திலேயே நீங்கள் கிளெய்ம் கொடுத்திருந்தாலும் இப்போதைய தொகையோடு புதுப்பித்து மறுபடி அனுப்புவதே நல்லது. வழக்கமான கெடு லிக்விடேஷன் தொடங்கியதிலிருந்து 30 நாள். இருந்தாலும் அறிவிப்பில் அச்சான தேதியையும் படிவத்தையுமே பின்பற்றுங்கள். ஒப்பந்தம், மாதவாரி பில், அந்த பில்களைக் காட்டிய ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கடைசியாகப் பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். 10 மாத வாடகைக்குத் தனிக் கடிதம். "தீர்வுக் கட்டச் செலவாகச் சேர்க்கக் கோருகிறேன்" என்று தலைப்பிலேயே போட்டு, டீசல் பதிவேட்டு நகல், சர்வீஸ் ரிப்போர்ட், அந்த அதிகாரி ஜெனரேட்டர் தொடரட்டும் என்று எழுதிய மெயில் ஏதாவது இருந்தால் அதையும் வையுங்கள். அந்த மெயில் ஒன்று பத்து பில்லுக்குச் சமம்.

கிளெய்மை நிராகரித்தாலோ தொகையைக் குறைத்தாலோ முடிவு கைக்கு வந்த 14 நாளுக்குள் என்.சி.எல்.டி.-யில் அப்பீல் செய்ய வேண்டும். பதில் கடிதம் வராவிட்டாலும், ஏற்ற தொகைகளின் பட்டியலை வாரியத் தளத்தில் பாருங்கள். கடைசித் தேதியிலிருந்து 45 நாளுக்குள் அது தயாராக வேண்டும்.

ஜெனரேட்டர் வேறு விஷயம். அது உங்கள் சொத்து; கம்பெனியின் வசம் இருந்தது, அவ்வளவுதான். மூன்றாமவர் சொத்தை லிக்விடேட்டர் விற்றுப் பங்கிட முடியாது. ஆனால் ஆலைக்குள் நிற்கும் இயந்திரங்களை மதிப்பீட்டாளர் கணக்கெடுக்கும்போது அதுவும் பட்டியலில் ஏறிவிடும். கிளெய்மோடு சேர்க்காமல் மூன்றாவது கடிதமாக, இன்ஜின் எண், ஆல்டர்னேட்டர் எண், உங்கள் பெயரில் உள்ள கொள்முதல் பில், கம்பெனி கேட்டில் உள்ளே விட்ட டெலிவரி சலான் எல்லாம் வைத்து, எடுத்துச் செல்ல அனுமதி கேளுங்கள். ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்து சலானும் தொலைந்திருந்தால் மாதவாடகை பில்லில் ஜெனரேட்டர் எண் இருக்கிறதா பாருங்கள். பதில் வரும்வரை அதே ibbi.gov.in தளத்தில் அந்தக் கம்பெனியின் ஏல அறிவிப்பை வாரம் ஒருமுறை பாருங்கள். "பிளான்ட் அண்ட் மெஷினரி" பட்டியலில் உங்கள் ஜெனரேட்டர் வந்துவிட்டால், ஏலத் தேதிக்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் அனுப்பி, அவர் நீக்கவில்லையென்றால் வக்கீல் மூலம் என்.சி.எல்.டி. சென்னையில் மனுப் போடுங்கள். ஏலம் முடிந்து வாங்கியவர் லாரியில் ஏற்றிய பிறகு அதைத் திரும்ப இறக்குவது பெரும்பாடு.