சைகை மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நேரம்?

"குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றிய ஒரு நிமிட விழிப்புணர்வுக் காணொளியை முடித்துவிட்டோம். மூலையில் சைகை மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு பெரிதாக வைப்பது? அவர் குரலுக்குப் பின்தங்கினால் என்ன செய்வது?"

மூலையில் ஒட்டுவதை விட, முதன்மைப் படத்தைச் சற்றுச் சுருக்கி, அவருக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். திரையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் அவருக்குக் கொடுப்பது நல்ல அளவு. 1920×1080 படத்தில் அது 600 அகலமும் 576 உயரமும் கொண்ட கட்டமாகும். படம் 1320 அகலத்துக்குச் சுருங்கும்; அதன் கீழே வசன வரிகள் கைகளை மறைக்காமல் அமையும். தலைக்கு மேல் சிறிது இடைவெளி, கீழே இடுப்பு வரை, பக்கவாட்டில் விரிந்த முழங்கைகள் என அனைத்தும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். அழகுக்காக வட்டமாக வெட்டாதீர்கள். கை வெளியே போனால் சொல்லே போய்விடும். புருவமும் வாயசைவும் இலக்கணத்தின் பகுதி என்பதால், கைபேசியில் ஓட்டிப் பார்த்து, அவை தெரிகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பின்தங்குவது அவருடைய குறையன்று. வாக்கியத்தின் பொருளைக் கேட்ட பிறகே அவர் சைகை செய்ய முடியும். ஆகவே எழுத்துப்படியை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிட்டு, காட்சி மாறும் ஒவ்வோர் இடத்திலும் சுமார் 3 விநாடி இடைவெளி விடுங்கள். உங்கள் காணொளியில் ஐந்து காட்சி மாற்றங்கள் இருந்தால், 60 விநாடி 75 ஆகும். "ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது" என்று மேலிடம் மறுக்கும். படத்தொகுப்பு முடிந்தபின், கடைசி நாளில் மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் இந்த வழக்கம் என்றுதான் மாறுமோ! நேரம் கூடாதென்றால் வசனத்தைக் குறையுங்கள், சைகையை அவசரப்படுத்தாதீர்கள்.

செய்முறைக் காட்சி மட்டும் தனி வகை. "நீர் தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம் விடுங்கள்" என்று குரல் சொல்லும்போதே பாத்திரத்தைக் காட்டினால், காது கேளாதவர் ஒன்று கையைப் பார்க்க வேண்டும், அல்லது பாத்திரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பார்க்க அவரால் இயலாது. முதலில் வாக்கியம், அதன் சைகை முழுவதும் முடிந்து கைகள் கீழே இறங்குதல், அதன்பின் குரலில்லாமல் கொதிக்கும் நீர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். அந்தச் சில விநாடிகள் மொழிபெயர்ப்பாளர் திரையில் அசையாமல் நிற்கலாம். நீக்கிவிட்டு மீண்டும் கொண்டுவந்தால் பார்ப்பவரின் கண் அங்கேயே ஓடும்.

இடைத்தரகர்களிடம் கவனமாக இருங்கள். குறைந்த தொகைக்கு உடனே ஆள் அனுப்புவதாகச் சொல்லி, விரல் எழுத்துகளும் சில சொற்களும் மட்டும் தெரிந்தவரை அனுப்பிவிடுவார்கள். கேட்கும் திறனுள்ள உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஒப்பந்தத்துக்கு முன், சைகை மொழியையே தாய்மொழியாகப் பேசும் காது கேளாதவர் ஒருவருக்கு அந்த நபரின் பழைய பதிவை ஒலியின்றிக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். உங்கள் காணொளியையும் வெளியிடுமுன் அவரிடமே ஒலியின்றிக் காட்டி, நீரை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும் என்று கேளுங்கள். "1 நிமிடம்" என்று அவர் சொல்லாவிட்டால், அந்த இடத்தை மீண்டும் பதிவுசெய்யுங்கள்.