அரங்கேற்ற அழைப்பிதழை அச்சடிக்கும் முன்

கேள்வி: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் ஆவணியில். அழைப்பிதழ் எழுதிவிட்டோம், முகநூலிலும் போடப் போகிறோம். செலவு 14 இலட்சம், கையில் இருப்பது 6. கனடாவிலுள்ள மச்சாள் 3 தருவதாகச் சொல்லி, 500 பேருக்காவது இராச்சாப்பாடு (ஆளுக்கு 1,200 ரூபாய்) கொடுக்கச் சொல்கிறா. மீதி 5 இலட்சத்துக்கு நகை அடகு வைக்கலாமா? சாமத்திய வீட்டுக்கு 4 இலட்சத்துக்கு வைத்தது 2 வருடமாக அடகில்தான். மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி கட்டிப் புதுப்பிக்கிறோம். – ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: வைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் காசைத் தின்பது அரங்கேற்றம் அல்ல, வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கும் பழக்கம். மாதம் 6,000 வீதம் இதுவரை 1,44,000 ரூபாய் போய்விட்டது, முதல்தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. இன்னொரு 5 இலட்சம் சேர்ந்தால் வட்டி மட்டும் மாதம் 13,500. அன்பளிப்பு உறைகளை நம்பி அதைத் தொடங்காதீர்கள். பத்து நிமிடத்தில் கடன் தரும் தொலைபேசிச் செயலிகளையும் தொட வேண்டாம். பலவற்றில் சேவைக் கட்டணத்தைக் கழித்துவிட்டுத்தான் காசு வரும், வட்டியோ முழுத்தொகைக்கு.

சாப்பாட்டுக்கு மட்டும் 6 இலட்சம். 200 பேருக்கு அழைப்பிதழ் கொடுத்து, "நிகழ்வின் பின் தேநீர் உபசாரம்" என்று அதிலேயே அச்சிடுங்கள். ஆளுக்கு 400 என்றாலும் 80,000தான். அடகு வைக்க நினைத்த 5 இலட்சம் அங்கேயே மிஞ்சிவிடுகிறது. முகநூல் பதிவில் "அனைவரும் வருக" என்று எழுதினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். படமும் மகிழ்ச்சியும் போதும், நேரமும் இடமும் அழைப்பிதழில் இருக்கட்டும்.

பக்கவாத்தியத்தில் கை வைக்காதீர்கள். வர்ணம் ஒன்றே அரை மணிக்கு மேல் போகும். பாடுபவரும் மிருதங்கக்காரரும் பிள்ளையோடு ஒத்திகை பார்க்காவிட்டால் மேடையில் தீர்மானங்கள் இடறும். ஆனால் ஒத்திகை நாட்களுக்கான கொடுப்பனவும், வெளியூரிலிருந்து வருவோரின் பயணமும் தங்குமிடமும் உங்கள் 14க்குள் இருக்கிறதா என்று குருவிடம் கேளுங்கள். பலர் விடுவது அதைத்தான். விருந்தினர் பெயர்களையும் குறையுங்கள். ஆறு பேர் பத்து நிமிடம் பேசினால் ஒரு மணித்தியாலம், மண்டபக் கட்டணமும் ஏறும். இரண்டு பேரை, பிள்ளை உடை மாற்றும் இடைவெளியில் பேசச் சொல்லுங்கள்.

மச்சாளுக்கு மரியாதையாகச் சொல்லுங்கள்: "நீங்கள் அனுப்பும் காசு வாத்தியக்காரருக்குத்தான், அது கணக்கில் விழுந்த பிறகுதான் திகதி போடுவோம்." வராவிட்டால் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். தயாரான பிள்ளை நாலைந்து மாதத்தில் ஆட்டத்தை மறந்துவிடாது.

இரண்டாவது அடகுக்கு வட்டியாகப் போயிருக்கும் 7,500ஐ இப்போதைய 6,000த்தோடு சேர்த்து மாதாமாதம் கட்டினால் பழைய நகை சுமார் 40 மாதத்தில் மீளும். முதல்தொகைக்குப் பகுதிப் பணம் ஏற்பார்களா என்று கேளுங்கள். எல்லாம் ஒரே சீட்டில் இருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சிறிய நகையை முதலில் மீட்கலாம்.