செமஸ்டர் ஜிபிஏக்களைக் கூட்டி வகுத்தால் ஏன் பிழைக்கிறது?

"அண்ணா, முதல் செமஸ்டர் 18 கிரெடிட், ஜிபிஏ 3.00. ரெண்டாவது 12 கிரெடிட், 3.60. கூட்டி ரெண்டால வகுத்தா 3.30 வருது, ரிசல்ட் ஷீட்டில 3.24 எண்டு கிடக்கு. எது சரி? எக்செல்ல எப்படிச் செய்யிற?"

3.24தான் சரி, தம்பி. 18 கிரெடிட்டும் 12 கிரெடிட்டும் ஒரே எடை இல்லை. 18 × 3.00 = 54, 12 × 3.60 = 43.2, மொத்தம் 97.2, அதை 30 கிரெடிட்டால் வகுத்தால் 3.24. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் உங்களைப் போலத்தான் கூட்டி வகுத்துவிட்டு, செகண்ட் அப்பர் எல்லையான 3.30 வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

எக்செலில் A செமஸ்டர், B கிரேடு, C கிரெடிட், D புள்ளி என்று வையுங்கள். H, I இரண்டிலும் உங்கள் பீடக் கையேட்டில் உள்ள அட்டவணையை அப்படியே எழுதுங்கள் (பொதுவாக A+, A இரண்டும் 4.00, A- 3.70, B+ 3.30, B 3.00 என்று இறங்கி E 0.00 வரை, 12 வரிகள்). D2இல் முதல் வரியைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள், இரண்டாவது வரிதான் மொத்த ஜிபிஏ:

```
=IF(B2="","",VLOOKUP(B2,$H$2:$I$13,2,FALSE))
=SUMPRODUCT(C2:C60,D2:D60)/SUMIF(D2:D60,">=0",C2:C60)
```

கீழே வெறும் SUM போட்டால், ரிசல்ட் வராத பாடத்தின் கிரெடிட்டும் வகுக்கும் பக்கத்தில் சேர்ந்து, உங்களுக்கு E விழுந்த மாதிரி ஜிபிஏ தடாலென்று இறங்கிவிடும். SUMIF போட்டால் வெற்றுப் பாடம் விடுபடும், உண்மையான E மட்டும் பூச்சியமாகக் கணக்கில் நிற்கும். செமஸ்டர் ஜிபிஏவை இரண்டு தசமத்துக்கு வெட்டிவிட்டு அதிலிருந்து மொத்தத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள், எப்போதும் பாடங்களிலிருந்தே போங்கள்.

அப்புறம், செமஸ்டர் வாரியாக வரைபடம் போடும்போது செமஸ்டர் ஜிபிஏ ஒரு கோடு, அதுவரைக்குமான மொத்தம் இன்னொரு கோடு என்று இரண்டும் போடுங்கள், ஏனென்றால் இரண்டாவது கோடு போகப் போக அசைய மறுக்கும். இப்போது 15 கிரெடிட்டில் 3.60 எடுத்தால் உங்கள் 3.24 ஒரேயடியாக 3.36 ஆகும். அதே 3.24ஓடு 105 கிரெடிட் முடித்துவிட்டு, கடைசிச் செமஸ்டரில் அதே 15 கிரெடிட், அதே 3.60 எடுத்தால் 3.285தான், 3.30ஐத் தொடாது. அந்த நேரத்தில் எல்லையைத் தொட 3.72 வேண்டும்: 120 × 3.30 = 396, அதில் கையிலுள்ள 340.2ஐக் கழித்தால் 55.8, அதை 15ஆல் வகுங்கள். கடைசி வருடத்துக்குக் காத்திராமல் இந்தக் கழித்தல் கணக்கை ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் போட்டுப் பாருங்கள்.

ரிப்பீட் எழுதுகிற பாடத்துக்குக் கூடிய கிரேடு C என்று கையேட்டில் இருந்தால், எதிர்பார்க்கிற புள்ளியாக 2.00க்கு மேல் போட்டுப் பார்க்க வேண்டாம்.