காதுக்குப் பின்னால் வீக்கம்: ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது, எடை 14 கிலோ. இரண்டு வாரத்துக்கு முன் சளியுடன் காதுவலியும் காய்ச்சலும் வந்தன. மருந்துக்கடையில் கொடுத்த செஃபிக்சிம் சிரப்பை மூன்று நாள் கொடுத்தோம். வலி குறைந்தது, காதில் சீழ் வடிந்து அதுவும் நின்றுவிட்டது. நேற்று முதல் காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கியிருக்கிறது. டாக்டர் உடனே அட்மிட் செய்யச் சொல்கிறார். தினமும் ஒரு ஊசிதானே, அதை வீட்டுக்கு நர்ஸை வரவழைத்துப் போடக்கூடாதா?

பதில்: கூடாது. இன்றே சேர்த்துவிடுங்கள். மருத்துவமனையில் சேர்ப்பதே ஊசிக்காகத்தான் என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. ஊசி என்பது அங்கே நடக்கப்போகும் சிகிச்சையில் ஒரு பகுதி மட்டுமே.

காதுமடலுக்குப் பின்னால் கையால் தொட்டால் தெரியும் மேட்டு எலும்புக்கு மாஸ்டாய்டு என்று பெயர். அதனுள்ளே காற்று நிரம்பிய சிறு அறைகள் பல இருக்கின்றன. அவை நடுச்செவியோடு ஒரு குறுகிய வழியால் இணைந்திருக்கின்றன. நடுச்செவியில் சீழ் பிடித்தால் அந்தச் சீழ் இந்த அறைகளுக்கும் பரவும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்திலோ தானாகவோ அது வடிந்து சரியாகிவிடும். வழி அடைபட்டு, சீழ் அழுத்தத்தோடு உள்ளேயே தேங்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. அறைகளைப் பிரிக்கும் மெல்லிய எலும்புச் சுவர்கள் கரையத் தொடங்குகின்றன. இறுதியில் சீழ் வெளிப்புற எலும்பைத் துளைத்து, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் வந்து சேரும்போதுதான் நீங்கள் பார்க்கும் வீக்கம் உண்டாகிறது. காதில் வடிந்த சீழ் நின்றதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டீர்கள். வடிதல் நின்ற பிறகு காதுக்குப் பின்னால் வீங்குகிறது என்றால், சீழ் வற்றவில்லை, அதன் பாதைதான் மூடிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீழ் வெளிப்பக்கமாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்த எலும்பின் உட்புறத்தில், மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அப்பால், மூளையிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் பெரிய சிரைக் குழாய் ஓடுகிறது. மூளையின் உறைகளும் அங்கேதான் இருக்கின்றன. முகத்தின் தசைகளை அசைக்கும் நரம்பும் இதே எலும்புக்குள்தான் செல்கிறது. ஆகவே சிரையில் இரத்தம் உறைதல், மூளைக்காய்ச்சல், மூளைக்குள் சீழ்க்கட்டி, ஒரு பக்க முகவாதம் ஆகியவை இந்த நோயின் அண்டைவீட்டு ஆபத்துகள். குழந்தை காரணமில்லாமல் தூங்கி வழிவது, வாந்தி எடுப்பது, குளிரோடு காய்ச்சல் ஏறி இறங்குவது, அழும்போது வாய் ஒரு பக்கம் கோணுவது, கண் ஒன்று ஒதுங்கிப் பார்ப்பது ஆகியவற்றை இரவு இரண்டு மணிக்கும் யாராவது கவனிக்க வேண்டும். கண்டால் அந்த நேரத்திலேயே ஸ்கேனும் அறுவைக்கூடமும் கிடைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

உங்கள் மகனுக்கு நடக்கப்போவதைச் சொல்கிறேன். கையில் ஊசிக்குழாய் பொருத்தி, இரத்தப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, முதல் மருந்தைத் தாமதமின்றி இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். செஃப்ட்ரியாக்சோன் என்றால் கிலோவுக்கு 100 மி.கி. வீதம் 14 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1,400 மி.கி. வரை வரும், வேறு மருந்தும் சேரலாம். சாய மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தால், எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, சீழ்க்கட்டி இருக்கிறதா, சிரையில் உறைவு இருக்கிறதா என்று தெரியும். மயக்கம் கொடுத்துச் செவிப்பறையில் சிறு கீறல் போட்டு உள்ளே தேங்கிய சீழை இறக்கி, அதையே கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். இந்தக் கீறல் தானாக ஆறிவிடும். சீழ்க்கட்டி இருந்தால் காதுக்குப் பின்னால் திறந்து வடித்தாக வேண்டும். கட்டிக்குள் தேங்கிய சீழுக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. கட்டி இல்லாவிட்டால் 24 முதல் 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்து, காய்ச்சலும் வீக்கமும் இறங்காவிட்டால் கெட்டுப்போன எலும்பறைகளைச் சுரண்டி எடுக்கும் மாஸ்டாய்டு அறுவை செய்வார்கள். “காதைத் தோண்டிவிடுவார்கள், செவிடாகிவிடும்” என்று உறவினர்கள் பயமுறுத்தக்கூடும். இந்த அறுவையில் கேட்கும் எலும்புகளைத் தொடுவதில்லை.

காதுக்குப் பின்னால் வரும் எல்லா வீக்கமும் இது அல்ல என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்லும் “நெறிகட்டி, தானாகப் போய்விடும்” என்ற ஆறுதல் சில குழந்தைகளுக்கு உண்மையும் கூட. தலையில் பேன், பொடுகுப்புண், சிரங்கு இருந்தால் காதுக்குப் பின்னால் நெறி கட்டும். அது பட்டாணி அளவில் உருண்டையாக, விரலுக்கடியில் நகரும். காதுமடல் தன் இடத்தில் இருக்கும், மடலுக்கும் தலைக்கும் இடையிலுள்ள மடிப்பும் தெளிவாக இருக்கும், முன்னதாகக் காதுவலியோ சீழோ இருந்திருக்காது. காதுத் துவாரத்தில் வரும் கொப்புளமும் பின்புறத்தை வீங்கச் செய்யும். ஆனால் அதில் காதுமடலை லேசாக இழுத்தாலோ காதின் முன்பக்கக் குருத்தை அழுத்தினாலோ குழந்தை துடித்துவிடும். மாஸ்டாய்டு வீக்கத்தில் மடலை அசைப்பதைவிட எலும்பின் மீது அழுத்துவதே வலிக்கும். மேலே உள்ள தோல் இஸ்திரி போட்டதுபோல வழவழப்பாகி, மடிப்பு மறைந்து, மடல் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளப்பட்டிருக்கும். குழந்தையைப் பின்னாலிருந்து பார்த்து இரு காதுகளையும் ஒப்பிட்டால் பெற்றோருக்கே தெரியும். நெறி என்று தோன்றினாலும், இரண்டு மூன்று வாரத்துக்குள் காதுவலி வந்த குழந்தையென்றால் அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள்.

மூன்று நாள் சிரப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. செஃபிக்சிமை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. 2014 மார்ச் முதல் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவேட்டை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. காதுநோயில் முதன்மையான நிமோகாக்கஸ் கிருமியிடம் இந்த மருந்துக்கு வலுவும் குறைவு. அரைகுறை மருந்து காய்ச்சலையும் வலியையும் அடக்கி, உள்ளே எலும்பு கரைவதை மறைத்துவிடுகிறது. எனவே இப்போது காய்ச்சல் லேசாக இருப்பதை ஆதாரமாகக் காட்டி அட்மிஷனைத் தள்ளிப்போட வேண்டாம். வீக்கத்தின் மேல் பற்று போடாதீர்கள், காதில் பூண்டெண்ணெய் ஊற்றாதீர்கள், “கீறிவிட்டால் போதும்” என்பவரிடம் காட்டவே காட்டாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் சி.டி. ஸ்கேனும் உண்டு, சேர்வதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. வாசலில் நின்று “உள்ளே பெட் இல்லை, தெரிந்த நர்சிங் ஹோம் இருக்கிறது” என்றோ, “கார்டு போட்டுத் தருகிறேன்” என்றோ சொல்பவர் மருத்துவமனை ஊழியர் அல்லர், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் தரகர். அவரைக் கடந்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெட் இல்லை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், தரகர் அல்ல. இவர்களை வாசலிலேயே அகற்ற ஒரு காவலர் போதும். அதுவும் ஏன் நடப்பதில்லை என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது சிரப் பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழந்தை கடைசியாக எப்போது பால் குடித்தான் அல்லது சாப்பிட்டான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மயக்க மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வீடு திரும்பிய பிறகும் மாத்திரையோ சிரப்போ தொடரும். இரத்தக் குழாய் வழி மருந்தையும் சேர்த்து மொத்தம் இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். நலமாகிவிட்டான் என்று நடுவில் நிறுத்த வேண்டாம். சில வாரங்கள் கழித்துச் செவித்திறன் பரிசோதனை ஒன்றையும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதப்படாமல் விடுபடுவது வழக்கம்.