‘ஐ டோன்ட் நோ நத்திங்’: ஒன்றும் தெரியாதா, ஏதோ தெரியுமா?

டீச்சர், இன்டர்வியூவில் ‘ஐ டோன்ட் நோ நத்திங் அபவுட் டேலி’ என்றேன். எதிரே இருந்தவர் முகம் மாறிவிட்டது. ‘ஒன்றும் தெரியாது’ என்றுதானே சொன்னேன்? (கடலூர், பி.காம்.)

‘ஒன்றும் தெரியாது’ என்பதில் மறுப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது தம்பி, ‘தெரியாது’வில். ‘ஒன்றும்’ என்பது ஒன்று என்ற சொல்லோடு ஒட்டிய ‘உம்’, அவ்வளவுதான். அதில் இல்லை என்ற பொருள் கிடையாது. ‘நத்திங்’ அப்படியில்லை, அதற்குள்ளேயே ‘நோ’ உட்கார்ந்திருக்கிறது. ஒன்றும் என்றால் நத்திங் என்று மனப்பாடம் செய்துவிட்டு, தெரியாதுக்கு ‘டோன்ட் நோ’வும் போட்டால் மறுப்பு இரண்டாகிவிடும்.

நம் ‘ஒன்றும்’ என்பதற்குச் சரியான ஜோடி ‘எனிதிங்’. ‘ஐ டோன்ட் நோ எனிதிங் அபவுட் டேலி’ என்றால் போதும். ‘ஐ நோ நத்திங்’ என்பதும் சரியே, ஆனால் கொஞ்சம் பட்டென்று ஒலிக்கும். இன்டர்வியூவில் நானாக இருந்தால் ‘ஐ ஹேவ்ன்ட் யூஸ்டு டேலி யெட்’ என்பேன். இன்னும் தொட்டதில்லை, இனி கற்றுக்கொள்வேன் என்பது அந்த ‘யெட்’டில் வந்துவிடும்.

மைனஸும் மைனஸும் பிளஸ். அப்படியென்றால் அந்தத் தம்பி ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்றல்லவா சொல்லியிருக்கிறார்? (நெய்வேலி)

பாதி சரி. கணக்குப்படி பார்த்தாலும் ‘ஏதோ தெரியும்’ வரைதான் வரும், ‘எல்லாம்’ வராது. ஆனால் கேட்பவர் காது கணக்குப் போடுவதில்லை. லண்டன் தெருப்பேச்சிலும் அமெரிக்கக் கறுப்பர்களின் பேச்சிலும் இந்த வாக்கியத்துக்கு ‘ஒன்றும் தெரியாது’ என்றே பொருள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எழுத்திலும் இரண்டு மூன்று மறுப்புகள் சாதாரணமாக வரும். ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்ற விதியை 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் அழுத்தமாக நிலைநாட்டினார்கள். அதனால் அந்தப் பேச்சை நான் மட்டமாக நினைப்பதில்லை. தேர்விலும் கடிதத்திலும் பிழை என்று கொள்வார்கள், அங்கே தவிர்க்கத்தான் வேண்டும்.

உண்மையிலேயே அடித்துக்கொள்கிற ஜோடியும் உண்டு. ‘நாட் அன்காமன்’ என்றால் அவ்வப்போது நடப்பதுதான். நம் ‘தெரியாமல் இல்லை’ மாதிரி. அது பிழையே அல்ல.

நான் பிரெஞ்சு படித்தவள். அதில் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பதற்கு ‘ழ ந சே ரியான்’ என்று ‘ந’, ‘ரியான்’ இரண்டும் சேர்ந்தே வருமே? (புதுச்சேரி)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. அந்த ‘ரியான்’ லத்தீனில் ‘பொருள்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் நம் ‘ஒன்றும்’ போலத்தான் இருந்தது. மறுப்போடு சேர்ந்தே புழங்கிப் புழங்கி அதுவே ‘இல்லை’ ஆகிவிட்டது. இப்போது பேச்சில் ‘ந’வை விழுங்கிவிட்டு ‘ரியான்’ மட்டும் வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. ‘தேர் இஸ் நோ எனி டேமேஜ்’ என்று மெயில் போட்டேன். மேனேஜர் தப்பு என்கிறார், என்ன தப்பென்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. (பண்ருட்டி)

‘ஒரு சேதமும் இல்லை’ என்று மனதில் ஓடியிருக்கும். இல்லைக்கு ‘நோ’, ஒரு... உம் இரண்டுக்கும் ‘எனி’. மறுப்பு ஒன்றுதான், ஆனால் ‘நோ’வும் ‘எனி’யும் ஒரே நாற்காலிக்கு வந்தவை, ஒன்றுதான் உட்கார முடியும். ‘தேர் இஸ் நோ டேமேஜ்’, இல்லாவிட்டால் ‘தேர் இஸ்ன்ட் எனி டேமேஜ்’. மெயிலுக்கு முதலாவது நன்றாக இருக்கும்.

நீங்கள் சொன்னபடி ‘ஒருத்தரும் வரவில்லை’ என்பதற்கு ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று பையனுக்கு எழுதிக் கொடுத்தேன். பள்ளியில் அதையும் அடித்துவிட்டார்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

அடித்தது சரிதான், நான்தான் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்த மாதிரி வாக்கியத்தில் மறுப்பு முன்னால் வந்த பிறகுதான் ‘எனி’ வரலாம். வாக்கியத்தின் தலையிலேயே ‘எனிபடி’யை வைத்தால் அதற்கு முன் மறுப்பு ஏது? அதனால் ‘நோபடி கேம்’. வினையில் ‘நாட்’ கூடாது. தமிழில் ‘வரவில்லை’ வழக்கமாகக் கடைசியில்தான் வரும், அதனால் இந்த முன்பின் சிக்கல் நமக்குப் பழக்கமே இல்லை.

‘ஆர்ன்ட் யூ கமிங்?’ என்று கேட்டார்கள். ‘எஸ்’ என்றேன், எனக்காகக் காத்திருந்தார்கள். இதுவும் இரட்டை மறுப்புதானே? (வில்லியனூர்)

இது வேறு சங்கதி. நாம் ‘ஆமாம், வரலை’ என்று கேள்வியை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் ‘நோ’தான். ‘நோ, ஐ ஆம் நாட்’ என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

‘ஆல் தி பாய்ஸ் டிட் நாட் பாஸ்’ என்றால் எல்லாரும் ஃபெயிலா, சிலர் மட்டுமா? (சிதம்பரம்)

இரண்டு விதமாகவும் படிக்கிறார்கள், எனக்கே ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று தோன்றும். ‘எல்லாரும் பாஸாகவில்லை’ என்ற தமிழிலும் இதே குழப்பம் இருக்கிறது பாருங்கள். யாருமே இல்லை என்றால் ‘நன் ஆஃப் தி பாய்ஸ் பாஸ்டு’, சிலர் மட்டும் தவறினார்கள் என்றால் ‘நாட் ஆல் தி பாய்ஸ் பாஸ்டு’ என்று எழுதுங்கள்.