12 நிமிட ஓட்டமும் கலோரிக் கணக்கும்: வாசகர் கேள்விகள்

12 நிமிடத்தில் 2,200 மீட்டர் ஓடினேன். எடை 70 கிலோ. என் வி.ஓ.2 மேக்ஸ் எவ்வளவு? நிமிடத்துக்கு எத்தனை கலோரி எரியும்?

இது அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் அமெரிக்க விமானப்படையினரை ஓடவிட்டு வகுத்த சோதனை. ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு 37.9 வருகிறது. அதாவது முழு மூச்சாக ஓடும்போது உங்கள் உடம்பு கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 38 மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்தும்.

இதை 70-ஆல் பெருக்கினால் 2.65 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கிலோ கலோரி என்பதால், நிமிடத்துக்கு 13 கிலோ கலோரி. ஆனால் இது உச்சவரம்பு. அரை மணி நேரம் அப்படியே ஓட முடியாது. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில், அதில் 65 சதவீதம் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 8.6, அரை மணிக்கு 260 கிலோ கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த நேரத்தில் 37 போயிருக்கும், அதையும் கழித்துவிடுங்கள்.

அப்புறம், மைதானத்தில் எந்த லேனில் ஓடினீர்கள்? ஒரு சுற்று 400 மீட்டர் என்பது உள் லேனுக்குத்தான். எட்டாவது லேனில் ஒரு சுற்று 450-ஐத் தாண்டும். அங்கே ஐந்து சுற்று ஓடிவிட்டு 2,000 மீட்டர் என்று எழுதினால், விடையில் 5 புள்ளிக்கு மேல் குறைந்துவிடும்.

அம்மாவுக்கு 52 வயது, 68 கிலோ. ஓட முடியாது. நடந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். ராக்போர்ட் சோதனையில் 1.6 கிலோமீட்டரை முடிந்த வேகத்தில் நடந்து, முடித்த கணமே நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். பெண்களுக்கான வி.ஓ.2 மேக்ஸ் சூத்திரம்:

```
132.853 - 0.0769×எடை(பவுண்டு) - 0.3877×வயது
 - 3.2649×நிமிடம் - 0.1565×நாடி
```

ஆண்களுக்கு 6.315 கூட்டிக்கொள்ள வேண்டும். அம்மா 16.5 நிமிடத்தில் நடந்து, நாடி 132 இருந்தால் விடை 26.6.

அவர் ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை எடுக்கிறாரா? அது நாடியை அடக்கிவிடும். அதே நடைக்கு நாடி 105 மட்டும் காட்டினால் சூத்திரம் 30.9 என்று சொல்லும். அம்மாவின் திறன் கூடவில்லை, மாத்திரைதான் கணக்கைக் கெடுத்தது. அவருக்கு இந்தச் சூத்திரம் வேண்டாம். மாத்திரைக்காரர்கள் சோதனைக்காக அதை நிறுத்தவும் கூடாது.

பயிற்சிக்குப் பின் என் வி.ஓ.2 மேக்ஸ் 38-லிருந்து 42 ஆகிவிட்டது. இனி அதே 5 கிலோமீட்டருக்கு அதிகக் கலோரி எரியுமா?

எரியாது. ஓட்டத்தில் கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கலோரி. 70 கிலோ ஆளுக்கு 5 கிலோமீட்டர் என்றால் 350. முன்பும் அதுதான், இப்போதும் அதுதான். மாறியது வேகம்: அதே 350-ஐ முன்பைவிடச் சில நிமிடங்கள் குறைவாக எரித்துவிடலாம். மிச்ச நேரத்தில் இன்னும் அரை கிலோமீட்டர் ஓடினால்தான் கூடுதலாக 35.