மகளுக்குப் போகக் கூடாது என்று வாங்கிய வீடு

கேள்வி: எனக்கு வயது 66. அரசுப் பணியில் இருந்து 2018-ல் ஓய்வு பெற்றேன். கைக்கு வந்த 32 லட்சத்தையும் போட்டு மதுரைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கினேன். பின்னால் மகள் பங்கு கேட்டு வந்துவிடக் கூடாதே என்று மகன் பெயரிலேயே பத்திரம் முடித்தேன். மகன் பெங்களூரில் இருக்கிறான். என் மனைவிக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் போன் செய்து, "வீட்டை விற்கப் போறேன், மூணு மாசத்துல வேற இடம் பாத்துக்குங்க" என்கிறான். பணம் முழுக்க என்னுடையது. வீட்டை என் பெயருக்கு மாற்ற வழி உண்டா?

பதில்: ஐயா, கடிதம் முழுக்க மகன்தான். மகள் வருவது ஒரே ஒரு வரியில். உங்கள் வழக்கின் தலையெழுத்து அந்த வரியில்தான் இருக்கிறது.

முதலில், அந்த பயமே தேவையில்லாதது. உங்கள் பெயரில் இருந்திருந்தால் வீடு உங்கள் சுய சம்பாத்தியம். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதில் மகளுக்கும் உரிமை இல்லை, மகனுக்கும் இல்லை. உங்கள் பெயரிலேயே வாங்கி, மகனுக்கு என்று ஒரு உயில் எழுதிப் பதிவு செய்திருந்தால் நீங்கள் நினைத்தது நடந்திருக்கும். மகன் முகம் திருப்பிய அன்றைக்கே அந்த உயிலை ரத்தும் செய்திருக்கலாம். மகளை வெளியே நிறுத்தக் கதவைச் சாத்தினீர்கள், சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு. இன்று வெளியே நிற்கப்போவது நீங்களும் உங்கள் மனைவியும்.

இது மனத்தாங்கலில் சொல்வதல்ல. நீதிமன்றத்தில் இந்த வரி உங்களை எப்படி அடிக்கும் என்று பாருங்கள். மகன் அல்லது மகள் பெயரில், கணக்கில் காட்டக்கூடிய சொந்தப் பணத்தைக் கொண்டு பெற்றோர் வாங்கிய சொத்தை 2016-ல் திருத்திய பினாமிச் சட்டம் பினாமி என்று சொல்வதில்லை. அதனால் "பெயர்தான் அவனுடையது, வீடு என்னுடையது" என்று நீங்கள் சிவில் வழக்குப் போடத் தடை இல்லை. (2016 நவம்பருக்கு முன்னால் மகன் பெயரில் வாங்கியவர்கள் நிலை இதைவிடச் சிக்கல். மருமகன், மருமகள் பெயரில் வாங்குகிறவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. சொத்தே அரசுக்குப் போகலாம்.) ஆனால் நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தலையில். பணம் யாருடையது என்பதோடு கேள்வி முடியாது. வாங்கியபோது உங்கள் மனதில் என்ன இருந்தது, வசிப்பது யார், மூலப்பத்திரம் யார் கையில், வரி கட்டியது யார், எதற்காக அவன் பெயரில் போட்டீர்கள் என்று நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்பார்.

கடைசிக் கேள்விக்கு என்ன சொல்வீர்கள்? "மகள் பங்கு கேட்கக் கூடாது என்பதற்காக" என்றால், வீடு மகனுக்கே சேர வேண்டும் என்று நினைத்துத்தான் வாங்கினீர்கள் என்று நீங்களே சொன்னதாகிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? மகளிடம் "அது அண்ணன் வீடு", மகனிடம் "அது என் வீடு" என்றால் இரண்டும் நிற்காது. உண்மையை மறைத்து வேறு காரணம் சொல்லுங்கள் என்று நான் எழுத மாட்டேன். அப்படிச் சொல்லித்தரும் வக்கீல் கிடைத்தால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

அதனால் வீட்டை முழுசாக உங்கள் பெயருக்கு மாற்றுவது கடினம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் உரிமையைப் பிடித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. எக்காரணம் கொண்டும் இப்போது வீட்டைக் காலி செய்யாதீர்கள். கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பலத்தையும் விட்டுவிடுகிறீர்கள். பத்திரம் அவன் பெயரில் இருந்தாலும், சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் உங்களை அவன் வெளியேற்ற முடியாது. அதற்குத் தடையுத்தரவு கேட்கலாம். வீட்டின் மீது உரிமை கோரி வழக்குத் தாக்கலாகிவிட்டால், அதன் பிறகு வாங்குகிறவர் அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவார். விஷயம் தெரிந்தால் யாரும் எளிதில் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். "வீடு என்னுடையது" என்று மகன் மறுத்துவிட்டதால் காலவரம்பும் ஓட ஆரம்பித்துவிட்டது. பொங்கல் போகட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரமே tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் அவன் வீட்டை அடமானம் வைத்திருந்தால் வழக்கே வேறு மாதிரி ஆகிவிடும். ஓய்வுப் பணம் உங்கள் கணக்கில் வந்து, அங்கிருந்து விற்றவருக்குப் போன வங்கிக் கணக்கு விவரத்தை முத்திரையோடு வாங்கி வையுங்கள். வங்கி பழைய கணக்கை என்றென்றும் வைத்திருக்காது. வீட்டு வரி ரசீது, மின் கட்டணம் கட்டியதற்கான சான்று, "அப்பா, உங்க வீட்டுக்கு வரேன்" என்கிற ரீதியில் மகன் எப்போதாவது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாமே சாட்சி.

மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே என்று பலரும் சொல்வார்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பெற்றோர் எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற உதவுவது. நீங்கள் எதை எழுதிக்கொடுத்தீர்கள்? வீடு ஒரு நாளும் உங்கள் பெயரில் இல்லை. விற்றவரிடமிருந்து நேரே மகனுக்குப் போனது. அந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை மட்டும் கேட்கலாம். மத்தியச் சட்டப்படி அதன் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

வழக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே மகனிடம் ஒன்று கேளுங்கள். வீடு அவனுடையதாகவே இருக்கட்டும். உங்கள் இருவருக்கும் ஆயுள் உள்ளவரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை ஒரு செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து தரட்டும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. பதிவான உரிமை வில்லங்கத்தில் தெரியும். பின்னால் யார் வாங்கினாலும் உங்களைக் கிளப்ப முடியாது. இது சண்டைக்கு மட்டும் மருந்தல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதேபோல மகன் பெயரில் வாங்கினார்கள். 34 வயதில் விபத்தில் அவன் போய்விட்டான். இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, மனைவி, குழந்தை மூவருக்கும் சமபங்கு. ரூபாயை எண்ணிக் கொடுத்த அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் சண்டை போடவில்லை. சட்டம் அப்படி.

பெற்றவர்களைத் தெருவில் நிறுத்தத் துணிகிற மகனை நான் மன்னிக்க மாட்டேன். அவன் செய்வது தப்பு. ஆனால் கூடப் பிறந்தவளுக்கு ஒன்றும் இல்லாமல் போக வேண்டும் என்று தகப்பன் திட்டம் போட்டதைப் பார்த்துத்தான் அவனும் வளர்ந்தான்.

வக்கீலிடம் போகும் முன் மகள் வீட்டுக்குப் போங்கள். பணம் எங்கிருந்து வந்தது, யார் கட்டினார்கள் என்பதற்கு உங்கள் மனைவிக்கு அடுத்த சாட்சி அவள்தான். அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால், வீட்டை ஏன் அண்ணன் பெயரில் வாங்கினீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். நீதிமன்றக் கூண்டில் வக்கீல் படிக்கக் கேட்டு அவள் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.